அரை கிரவுண்டு மனையும் ஒரு சின்ன வீடும்: ஒரகடம் பக்கம் வரைபட அனுமதி வாங்கிய கதை

வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றதும், பெரும்பாலானோர் முதலில் இன்ஜினீயரைத் தேடிப் போய் வரைபடம் போடச் சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் சுற்று வட்டாரத்தில் வரைபடம் கடைசியாக வருகிற காகிதம். அதற்கு முன்பாக, அந்த இடம் சட்டப்படி வீட்டுமனைதானா என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வரைபடம் போட்டவர்கள், கட்டணமும் அலைச்சலும் போக, மறுபடியும் முதல் படியிலேயே வந்து நிற்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் இந்தச் சிக்கல் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. அடுத்தடுத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்-வடகால் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்தன. ஆலைகள் வர வர, சுற்றியிருந்த புன்செய்க் காடுகளிலும் ஏரிப் பாசன வயல்களிலும் மனைக்கற்கள் முளைத்தன. வரப்பை வெட்டி, செம்மண் சாலை போட்டு, வண்ணக்கொடி கட்டி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் ஏராளம். அதில் ஒன்றை வாங்கிய ஒரு சிறு விவசாயக் குடும்பம் வீடு கட்டக் கிளம்பியபோது நடந்தது இது.

60 சென்ட் புன்செயும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் குடும்பம் அது. 2009-ம் வருஷம், வேர்க்கடலை விற்ற பணத்தோடு நகையையும் அடகு வைத்து, ஒரகடத்தில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலைக்கு உள்ளே அரை கிரவுண்டு மனை வாங்கினார்கள். பத்திரத்தில் கண்ட அளவு 30 அடிக்கு 40 அடி, மொத்தம் 1,200 சதுர அடி. சென்ட் கணக்கில் இரண்டே முக்கால். மகன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு இருக்கிறார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடுகிறது. "மனை சும்மாதானே கெடக்குது, சின்னதா ஒரு வீடு கட்டிக்கலாம்பா" என்று மகன் சொல்ல, அப்பாவும் சம்மதித்தார். வங்கிக் கடன் கேட்டபோதுதான், அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் கடன் கிடையாது என்று தெரிந்தது.

"வெளையுற நெலமா, மனையா?"

பதிவு பெற்ற இன்ஜினீயர் ஒருவரிடம் அப்பாவும் மகனும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் பத்திரத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "வரைபடம் ரெண்டு நாள்ல போட்டுடலாம் ஐயா. இந்த எடம் எப்படி மனையாச்சுன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார். "பஞ்சாயத்து அப்ரூவல் ஆன எடம் தம்பி. பஞ்சாயத்து சீல் வெச்ச படமே இருக்கு" என்று அப்பா மடித்து வைத்திருந்த தாளைக் காட்டினார்.

அந்தத் தாளில்தான் கோளாறே இருந்தது. விளைநிலத்தைப் பல மனைகளாகப் பிரித்து லே-அவுட் போட அனுமதி கொடுக்கும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்கும் (டி.டி.சி.பி), சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ) உரியது. அவர்கள் தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்த பிறகுதான் ஊராட்சி அதற்கு அனுமதி கொடுக்க முடியும். அந்த ஒப்புதல் எண் இல்லாமல் வெறும் ஊராட்சி முத்திரை மட்டும் இருக்கிற படம், லே-அவுட் அனுமதி ஆகாது. பத்திரம் செல்லும், நிலமும் வாங்கியவருக்குச் சொந்தம்தான். ஆனால், திட்டமிடல் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் அங்கீகாரம் இல்லாத மனை.

வீடு கட்டுகிற இடம் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி இருக்கிறது. கிராமங்களில் பொதுவாக மூன்று வகை உண்டு.

முதலாவது, கிராம நத்தம். ஊருக்குள் பரம்பரையாகக் குடியிருக்கிற இடம் இது. நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து, தனி எண் கொடுத்து, நத்தம் பட்டா கொடுத்திருப்பார்கள். ஆதியிலிருந்தே குடியிருப்புக்கு ஒதுக்கிய இடம் என்பதால் இதற்கு லே-அவுட் அனுமதி தேவையில்லை. கட்டட அனுமதி மட்டும் வாங்கினால் போதும். ஆனால், நத்தத்திலேயே பாதை, களம், மந்தை என்று பொதுவுக்கு விட்ட பகுதி இருக்கும். அதில் வீடு கட்டினால் அது ஆக்கிரமிப்பு.

இரண்டாவது, முறையாக அங்கீகாரம் பெற்ற லே-அவுட் மனை அல்லது பிறகு வரன்முறை செய்யப்பட்ட மனை. லே-அவுட் ஒப்புதல் எண்ணோ, வரன்முறை ஆணையோ கையில் இருந்தால் நேராக வரைபடத்துக்குப் போய்விடலாம்.

மூன்றாவது, வெறும் பட்டா விளைநிலம். அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை செய்துகொண்டாலும், உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கினாலும் வயல் வயல்தான். பட்டா என்பது யாருடைய நிலம் என்று சொல்கிற வருவாய்த் துறைக் கணக்கு. அதில் என்ன கட்டலாம் என்பது வேறு துறையின் கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பலர் சிக்குகிறார்கள்.

2016 அக்டோபர் 20 என்ற தேதி

இந்தக் குடும்பத்தின் மனை இரண்டாவது வகைக்கு மாற வழி இருந்தது. காரணம், பத்திரத்தில் இருந்த தேதி.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தமிழ்நாடு முழுக்கப் பல மாதங்கள் பத்திரப்பதிவு அலுவலகங்களில் கூட்டமே இல்லாமல் போனதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் தொடர்ச்சியாக, 2017 மே மாதம் அங்கீகாரம் இல்லாத மனைகளையும் மனைப்பிரிவுகளையும் வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ம் தேதியோ, அதற்கு முன்போ பத்திரம் பதிவாகியிருந்த மனைகள்தான் இந்த விதிகளுக்குள் வரும். விண்ணப்பிக்கும் காலக்கெடு அதன் பிறகு பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆனால், இந்த அடிப்படைத் தேதி மாறவில்லை.

2009-ல் பதிவான பத்திரம் என்பதால் இவர்கள் தப்பித்தார்கள். அதே லே-அவுட்டில் 2018-ல் முதன்முறையாக உழவு நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தால் கதையே வேறு. ஆகையால், மனை வைத்திருப்பவர்கள் தங்கள் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த மனை முதன்முதலில் மனையாக விற்கப்பட்ட தாய்ப் பத்திரத்தின் தேதியையும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் அது தெரிந்துவிடும். `tnreginet.gov.in` தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

வரன்முறை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் அந்த லே-அவுட் முழுவதற்கும் சாலை எது, மனை எது, பொது இடம் எது என்று காட்டும் கட்டமைப்புக்குத் திட்டமிடல் அதிகாரி கொள்கை அளவிலான ஒப்புதல் கொடுப்பார். அது வந்த பிறகு, ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி ஆணை வாங்க வேண்டும். இந்த லே-அவுட்டில் மற்ற மனைக்காரர்கள் சிலர் முன்பே ஒன்றுசேர்ந்து விண்ணப்பித்திருந்ததால், முதல் கட்டம் முடிந்திருந்தது. "எல்லாருமா சேர்ந்து போனப்ப நம்மள கூப்டாங்க. நீங்கதான், நமக்கு எதுக்குன்னு வந்துட்டீங்க" என்று அந்த அம்மா ஞாபகப்படுத்தினார். நல்லவேளையாக அப்போது காலக்கெடு நீட்டிப்பில் இருந்ததால், மனைக்கான விண்ணப்பத்தை இப்போது போட முடிந்தது.

வரன்முறைக்கு எல்லா மனையும் தகுதியாகிவிடாது. நீர்நிலை, வாய்க்கால், பொதுவழி, அரசுப் புறம்போக்கு ஆகியவற்றில் விழுகிற மனைகளுக்கு வரன்முறை கிடையாது. இந்த வட்டாரத்தில் பழைய ஏரிகளும் அவற்றின் கலங்கல்களும் வரத்துக் கால்வாய்களும் அதிகம். கண்ணுக்கு வெறும் பள்ளமாகத் தெரிவது, வருவாய்க் கணக்கில் வாய்க்கால் புறம்போக்காக இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வந்தது. ஆகவே, காசு கட்டும் முன்பாகவே `eservices.tn.gov.in` தளத்தில் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். புலப்படத்தில் இரட்டைக்கோடாகப் போகும் பாதையும் வாய்க்காலும் மனையைத் தொடுகிறதா என்பது அதில் தெரியும். இவர்கள் மனைக்கு 200 அடி தள்ளி ஒரு வரத்துக் கால்வாய் போகிறது. மனை தப்பித்துவிட்டது. அதே லே-அவுட்டின் கடைசி வரிசை மனைகள் நான்குக்கு இன்னும் ஆணை வரவில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சோதனையும் உண்டு. தொழிற்சாலைகளுக்கான நிலமெடுப்பு, 1997-ம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டத்தின்படி நடக்கிறது. நம் சர்வே எண்ணுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறதா என்பதைத் தாலுகா அலுவலகத்திலும், சிப்காட் நிலமெடுப்புக்கான தனித் தாசில்தார் அலுவலகம் இருந்தால் அங்கேயும் கேட்டுவிட வேண்டும். நோட்டீஸ் பழைய உரிமையாளர் பெயருக்குப் போயிருக்கும். மனை வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது.

பட்டாவில் யார் பெயர்?

அடுத்த சிக்கல் பட்டா. மனையை விற்றவரின் பெயரிலேயே ஒட்டுமொத்தமாக ஓர் ஏக்கர் சொச்சத்துக்குப் பட்டா இருந்தது. 2009-ல் பத்திரம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பட்டா மாறுதலுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய சர்வே எண்ணின் ஒரு மூலையில் இருக்கிற இரண்டே முக்கால் சென்ட்டுக்கு, சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு எண் கொடுத்தால்தான் தனிப்பட்டா கிடைக்கும்.

இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தார்கள். சர்வேயர் வந்து சங்கிலி போட்டபோதுதான் இன்னொரு விஷயம் வெளியில் வந்தது. சாலைப் பக்கம் அகலம் 30 அடி இல்லை. 29 அடிதான் இருந்தது. பக்கத்து மனைக்காரர் முதலில் வீடு கட்டியபோது சுற்றுச்சுவரை ஓர் அடி தள்ளிப் போட்டிருந்தார். இவர்கள் நட்ட மூலைக்கல் எப்போதோ மண்ணில் மூடிப்போயிருந்தது.

"ஓர் அடிதானே" என்று விட்டுவிட முடியாது. வரைபடத்தில் பத்திரத்தில் உள்ளபடி 30 அடி என்று காட்டி, தரையில் 29 அடி இருந்தால், ஒரு பக்க இடைவெளி ஓர் அடி குறையும். பிற்பாடு யாராவது புகார் கொடுத்து அளக்க வந்தால், அனுமதிக்கு மாறாகக் கட்டிய கட்டடம் ஆகிவிடும். பத்திரம், பட்டா, தரை ஆகிய மூன்று அளவுகளில் எது குறைவோ, அதை வைத்து வரைபடம் போடுவதுதான் பத்திரமான வழி. அந்த ஓர் அடிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்குக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு நடந்தது. "கேஸ் முடியறதுக்குள்ள பேரன் கல்யாணத்துக்கு நிப்பான்" என்று அந்த அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது. 29 அடிக்கு 40 அடி என்று ஏற்றுக்கொண்டு, 1,160 சதுர அடிக்குப் பட்டா வாங்கினார்கள்.

இந்த வேலைக்கு அவர்களுக்குப் பிடித்த நேரம்தான் மொத்தத்திலும் அதிகம். வரன்முறை ஆணையும் உட்பிரிவுப் பட்டாவும் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. கட்டட அனுமதிக்கு ஆன நேரத்தோடு ஒப்பிட்டால், பயிரை அறுவடை செய்வதைவிட நிலத்தைத் திருத்தத்தான் அதிக நாள் ஆகும் என்பது புரியும்.

1,160 சதுர அடியில் எவ்வளவு வீடு?

இப்போதுதான் வரைபடம். தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவாக 2019 பிப்ரவரியில் இருந்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. மனையில் எவ்வளவு இடம் விட்டு, எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை அந்த விதிகள் சொல்கின்றன. முன்பக்கம் விட வேண்டிய இடம் எதிரில் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் விடுவது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது.

வரைபடம் மீட்டரில் இருக்கும். நம் பத்திரமும் மேஸ்திரியின் டேப்பும் அடியில் இருக்கும். ஒரு மீட்டர் என்பது 3.28 அடி. ஒன்றரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 5 அடி. இந்த இன்ஜினீயர் நான்கு பக்கமும் 5 அடி விட்டுவிடச் சொன்னார். முன்பக்கம் 5, பின்பக்கம் 5 போனால் 40 அடி நீளம் 30 ஆகிறது. இடது 5, வலது 5 போனால் 29 அடி அகலம் 19 ஆகிறது. 30-ஐ 19-ஆல் பெருக்கினால் 570 சதுர அடி. ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, குளியலறை, கழிவறைக்கு அது போதும்.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. "மனை பரப்புல ரெண்டு மடங்கு வரைக்கும் கட்டலாம்னு சொல்றாங்களே சார்?" என்று கேட்டார். அவர் கேட்டது உண்மைதான். தளப்பரப்புக் குறியீடு என்கிற கணக்கின்படி, பொதுவாக மனையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 2,320 சதுர அடி வரை எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கட்டலாம். ஆனால், சுற்றிலும் இடம் விட்டாக வேண்டும் என்ற விதி அதற்கு முன்பாகவே கையைப் பிடித்துவிடும். ஒரு தளத்துக்கு 570 என்றால், மாடியையும் சேர்த்து 1,140-தான் வரும். சின்ன மனைகளில் வீட்டின் அளவைத் தீர்மானிப்பது இந்தச் சுற்று இடைவெளிதான். இதை முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தால், பிறகு ஏமாற்றம் இருக்காது. பக்கவாட்டில் விதி அனுமதிக்கிற அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாமே என்று மகன் கேட்டதற்கு, "மேஸ்திரி அஸ்திவாரத்துல அரை அடி வெளிய தள்ளிடுவாரு. அதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார் இன்ஜினீயர்.

அந்த 5 அடி சும்மா கிடக்கும் இடமும் இல்லை. கழிவுநீர்த் தொட்டி ஒரு மூலையில், மழைநீர் சேகரிப்புக் குழி இன்னொரு மூலையில் என்று அதிலேயே வந்துவிடும். மழைநீர் சேகரிப்பு இல்லாமல் வரைபடம் போகாது. போர்வெல் போடுகிற இடத்தில் இருந்து கழிவுநீர்த் தொட்டி எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ, அவ்வளவு தள்ளி இருக்கும்படி வரைபடத்திலேயே குறித்துவிட்டார்கள்.

சுயசான்று: என்ன விலக்கு, என்ன விலக்கு இல்லை

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு முதல் தளம் உள்ள குடியிருப்பு வீட்டுக்கு இது பொருந்தும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி என்பதால், ஒரு கிரவுண்டு வரை மனை வைத்திருக்கும் பெரும்பாலானோர் இதற்குள் வந்துவிடுவார்கள்.

`onlineppa.tn.gov.in` என்ற ஒற்றைச் சாளரத் தளத்தில் மாவட்டம், ஊராட்சி ஆகியவற்றைத் தேர்வு செய்து, பத்திரம், பட்டா, வரன்முறை ஆணை, வரைபடம், இடத்தின் புகைப்படம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கொடுத்த விவரமெல்லாம் உண்மை, விதிப்படிதான் கட்டுவேன் என்று உரிமையாளரே உறுதி கொடுக்க வேண்டும். கட்டப்போகும் பரப்புக்கு ஏற்ப, சதுர அடிக்கு இவ்வளவு என்ற கட்டணத்தைத் தளமே காட்டும். அதை ஆன்லைனில் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். அதிகாரி முன்கூட்டியே வந்து இடத்தைப் பார்ப்பது கிடையாது. கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்றும் தேவையில்லை.

முன்பு இதே வீட்டுக்கு ஊராட்சி, ஒன்றியம் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. இவர்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த அன்றே அனுமதியைப் பதிவிறக்கம் செய்துவிட்டார்கள். கட்டணமாகப் போனது தளம் காட்டிய தொகை மட்டும்தான். வேறு யாருக்கும் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. யாராவது கூடுதலாகக் கேட்டால், எந்தத் தலைப்பில் எந்த ரசீது என்று கேட்பதுதான் சரி.

வேகமாகக் கிடைக்கிறது என்பதற்காக இதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. நேரில் பார்ப்பதில் இருந்துதான் விலக்கு. மனை அங்கீகாரத்தில் இருந்து விலக்கு கிடையாது. இதே லே-அவுட்டில் வரன்முறை செய்யாத மனைக்காரர் ஒருவர், பழைய ஊராட்சி முத்திரைப் படத்தையே 'லே-அவுட் அனுமதி' என்று ஏற்றி, அனுமதி வாங்கி, கூரை மட்டம் வரை கட்டிவிட்டார். பிறகு பரிசீலனையில் ஆவணம் சரியில்லை என்று நோட்டீஸ் வந்தது. உண்மையை மறைத்துப் பெற்ற அனுமதி ரத்தாகும். அதன் பிறகு அந்தக் கட்டடம் அனுமதியில்லாத கட்டடம்தான். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதை நிறுத்தவும் பூட்டி முத்திரை வைக்கவும் இடம் இருக்கிறது. முன்பு அதிகாரி வந்து பார்த்துச் சொல்லியிருப்பார். இப்போது நாமே கையெழுத்துப் போட்டிருப்பதால், பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது.

வங்கியும் இதைப் பார்க்கும். அனுமதிச் சீட்டோடு சேர்த்து, வரன்முறை ஆணை, தாய்ப் பத்திரத்தில் இருந்து தொடர்ச்சியான ஆவணங்கள், வில்லங்கச் சான்று ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் கேட்டார். எல்லாம் வரிசையாக இருந்ததால், இவர்களுக்குக் கடன் கிடைத்தது.

மேஸ்திரி சொன்ன மாடிப்படி

அனுமதி வாங்கியதோடு வேலை முடிவதில்லை. கால்கோள் போட்ட அன்றே ஒரு பேச்சு வந்தது. "படி உள்ள வந்தா கூடம் சின்னதாயிடும். பக்கத்துல சந்துல போட்டுக்கலாம்" என்றார் மேஸ்திரி. வரைபடத்தில் படி வீட்டுக்குள் இருந்தது. வெளியில் போட்டால், பக்கவாட்டு 5 அடியில் 3 அடியைப் படியே எடுத்துக்கொள்ளும். மகனுக்கும் அதில் ஆசைதான். ஆனால் அப்பா, "கையெழுத்து போட்டது நானு. நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் நான்தான் பதில் சொல்லணும். படத்துல எங்க இருக்கோ அங்கயே போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

சின்ன வீடுகளில் விதிமீறல் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. படி, போர்டிகோ, சன்ஷேடை நீட்டி மேலே அறையாக்குவது, பின்பக்கம் கழிவறை சேர்ப்பது என்று ஒவ்வொன்றும் சிறியதாகத் தெரியும். இதைத் தவிர்க்க ஒரே வழி, அஸ்திவாரம் தோண்டும் முன்பு சுண்ணாம்புக் கோடு போட்ட நிலையிலேயே இன்ஜினீயரை வரவழைத்து நான்கு பக்கமும் டேப் பிடித்துப் பார்ப்பது. சுவர் எழும்பிய பிறகு அளந்தால், தவறு தெரியும். திருத்த முடியாது. மாற்றம் அவசியம் என்றால், கட்டுவதற்கு முன்பே திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வயலில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

மனை எதுவும் இல்லாமல், சொந்தப் புன்செயின் ஓரத்தில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு வழி கொஞ்சம் நீளமானது. முதலில் அந்தச் சர்வே எண் எந்த நிலப்பயன்பாட்டில் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்து அறிவித்தது. அதனால், ஒரே சாலையின் இரண்டு பக்கத்துக் கிராமங்களுக்குக்கூட நடைமுறை வேறாக இருக்கலாம். பக்கத்து ஊர்க்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், நம் ஊராட்சிக்கு எந்த அலுவலகம் என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

திட்டப் பகுதிக்குள் விவசாய உபயோகம் என்று குறித்திருந்தால், அதைக் குடியிருப்பாக மாற்ற நிலப்பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால், விவசாயத்தில் இருந்து விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற 2017-ல் வந்த விதிகள் பொருந்தும். அதில் வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். நன்செய் என்றால் கேள்விகள் இன்னும் கடுமையாக இருக்கும். ஆகையால், நன்செயையும் புன்செயையும் ஒன்றாக வைத்திருப்பவர்கள், வீட்டுக்குப் புன்செயைத் தேர்ந்தெடுப்பதே மேல். ஊருக்குள் நத்தத்தில் பழைய ஓட்டு வீடு பாழாகக் கிடந்தால், வயலைத் தொடாமல் அதையே இடித்துக் கட்டுவதுதான் இருக்கிற வழிகளில் எளிதானது.

இந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு யோசனை வந்திருந்தது. ஆனால், நத்தத்தில் இருக்கிற பூர்வீக வீடு மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாக இருந்தது. அதைப் பிரிக்க ஆரம்பித்தால் வேறு கதை ஆகிவிடும் என்பதால், மனைப் பக்கமே போனார்கள். வீட்டுக்கு இப்போது லிண்டல் மட்டம் முடிந்துவிட்டது. வங்கியில் இருந்து இரண்டாவது தவணை வர வேண்டியிருக்கிறது. அதற்கு இன்ஜினீயரின் அளவுச் சான்று கேட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புக் கோட்டிலேயே அளந்து வைத்திருந்ததால், அந்தச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்காது.